வாட்ச் பக்கத்தில் இருந்தால் போதுமா? கணினியையும் போனையும் மணிக்கட்டை நம்பித் திறப்பது

சில மாதங்களுக்கு முன் என் மேசையிலிருந்து நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் லேசாக ஒரு தட்டு. ஏதோ மெசேஜ் என்று நினைத்துப் பார்த்தால், என் லேப்டாப் திறக்கப்பட்டது என்கிறது வாட்ச். திரும்பிப் பார்த்தேன். கூட வேலை செய்பவர் ஒருவர், மேசையில் இருப்பது தன்னுடைய லேப்டாப்பா என்னுடையதா என்று தெரியாமல் மூடியைத் தூக்கியிருக்கிறார். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. பாவம், அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் என் மெயில் முழுக்க அவர் கண்முன்னே விரிந்து கிடந்தது.

இதில் யாரும் பாஸ்வேர்டைத் திருடவில்லை. எதுவும் பழுதாகவும் இல்லை. திறந்திருந்த வாட்ச் என் கையில் இருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன், யாரோ மூடியைத் திறந்தார்கள். மூன்றும் சேர்ந்ததும் லேப்டாப் திறந்துகொண்டது. அந்த 'யாரோ' நான்தானா என்று கேட்க அதற்கு வழியே இல்லை.

வாட்ச் வைத்துத் திறக்கும் வசதியைப் போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கைரேகை வைக்கும்போது ஆளும் செயலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. விரலை வைத்தவர்தான் திறக்க நினைத்தவர். வாட்ச் விஷயத்தில் இவை பிரிந்துவிடுகின்றன. ஆள் ஒரு பக்கம், கீபோர்டில் இருக்கும் கை இன்னொரு பக்கம். நடுவில் இருப்பது ஒரு தூரம் மட்டும்தான். அந்தத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள், வாட்ச் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்ற இரண்டும் தெரிந்தால், எந்த ஏற்பாட்டை எங்கே நம்பலாம் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

முதலில் மணிக்கட்டு. காலையில் வாட்சைக் கட்டியதும் ஒருமுறை பாஸ்கோடு போடுகிறீர்கள். அப்புறம் கழற்றும் வரை அது கேட்பதே இல்லை. வாட்சின் அடிப்பக்கத்தில் இதயத் துடிப்பை அளக்க ஒளி வீசும் சென்சார்கள் இருக்கின்றன அல்லவா, அந்த ஒளி தோலில் பட்டுத் திரும்புவதை வைத்து, இன்னும் கையில்தான் இருக்கிறோம் என்று வாட்ச் தெரிந்துகொள்கிறது. தோல் விலகியதும் சீக்கிரமே தன்னைப் பூட்டிக்கொள்கிறது. ஆப்பிள் வாட்சில் இதன் பெயர் Wrist Detection. ஆப்பிள் வாட்சால் மேக்கைத் திறக்க வேண்டும் என்றால் இது ஆனில் இருக்க வேண்டும், வாட்சுக்குப் பாஸ்கோடும் இருக்க வேண்டும்.

கவனித்தீர்களானால், அந்த சென்சார் பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தோலை விட்டு விலகினேனா இல்லையா? யாருடைய தோல் என்பது அதற்குத் தெரியாது. 'காலையில் கோடு போட்டவர் உரிமையாளர், அதற்குப் பிறகு தோல் விலகவே இல்லை, ஆகவே இப்போதும் அவரேதான்' என்பது நாம் போடும் கணக்கு. கணக்கு சரிதான், தொடக்கமும் தொடர்ச்சியும் உடையாத வரை.

தொடக்கம் எளிதாக உடையக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஐஃபோனுடன் இணைந்த வாட்சில் Unlock with iPhone என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது ஆனில் இருந்தால், போனைத் திறந்தவுடன் கையில் கட்டியிருக்கும் வாட்சும் திறந்துகொள்ளும், வாட்சில் கோடு போட வேண்டியதில்லை. சௌகரியம்தான். ஆனால் உங்கள் வாட்சை வீட்டில் வேறு ஒருவர் எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதே அறையில் உட்கார்ந்து, நேரம் பார்க்க உங்கள் முகத்தைக் காட்டிப் போனைத் திறக்கிறீர்கள். அவர் கையில் இருக்கும் உங்கள் வாட்ச் திறந்துவிடும். இனி தோல் விலகும் வரை அந்த வாட்சைப் பொறுத்தவரை அவர்தான் நீங்கள். உங்கள் மேக்கின் அருகே போய் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். போனில் ஒரு அறிவிப்பு வரும், ஆனால் அப்படி வரும் அறிவிப்புகளில் எத்தனையை நின்று படிக்கிறோம்? மேக்கை வாட்சால் திறப்பவர்கள் இந்த ஓர் அமைப்பை மட்டுமாவது ஆஃப் செய்துவிடுவது நல்லது. நாளுக்கு ஒருமுறை வாட்சில் கோடு போடுவதில் கை தேய்ந்துவிடாது. அந்தக் கோடு நான்கு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்புகள்தான், ஆறாக மாற்றிவிடுங்கள். உங்கள் கணினியின் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும், வாட்ச் வழியாக வருகிறவருக்கு இந்தக் கோடுதான் வாசல்.

தொடர்ச்சி உடைவது இன்னொரு விதம். வாட்சைக் கழற்றும்போது அடியில் விரலை ஒட்டினாற்போல வைத்து, சென்சாருக்கு இடைவெளியே தெரியாமல் அடுத்தவர் கைக்கு மாற்றிப் பாருங்கள். சில வாட்சுகள் உடனே பூட்டிக்கொள்ளும், சில கொஞ்சம் தாமதிக்கும். இதை உங்கள் வாட்சிலேயே செய்து பார்ப்பதுதான் உருப்படியான வழி, ஏனென்றால் மாடலுக்கு மாடல் வேறுபடும். நடைமுறையில் உங்களுக்குத் தெரியாமல் யாராலும் இப்படிக் கழற்ற முடியாது என்று தோன்றும். விழித்திருக்கும்போது உண்மைதான்.

ஆனால் எனக்குப் பெரிய ஆபத்தாகப் படுவது இதற்கு நேர்மாறானது. வாட்ச் தேவையில்லாமல் பூட்டிக்கொள்வதுதான் அது. பட்டை தளர்வாக இருந்தாலோ, மணிக்கட்டில் அடர்ந்த டாட்டூ இருந்தாலோ ஒளி சரியாகத் திரும்பாது. டாட்டூவின் மையும் வடிவமும் அடர்த்தியும் சென்சாரின் ஒளியைத் தடுக்கலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கையில் இருக்கும்போதே வாட்ச் மறுபடி மறுபடி கோடு கேட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? எரிச்சலில் Wrist Detection-ஐயே ஆஃப் செய்வார்கள். செய்ததும் வாட்ச் கழற்றினால் தானாகப் பூட்டிக்கொள்வது நின்றுவிடும். கணினியைத் திறக்கும் வசதியும் அதோடு போய்விடும் என்பது ஒரு நிம்மதி. ஆனால் மேசையில் கழற்றி வைத்த வாட்சில் இருக்கும் மெசேஜ்கள் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். அணைப்பதற்கு முன் பட்டையை ஒரு துளை இறுக்கிப் பாருங்கள், இல்லையென்றால் மறு கையில் கட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது தூரம். இங்கேதான் ஒரு ஏற்பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பழைய, சுலபமான வழி புளூடூத் இணைப்பை மட்டும் பார்ப்பது. இணைப்பு இருந்தால் பக்கத்தில் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. கொஞ்சம் மேம்பட்டால் சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்று பார்ப்பது. இரண்டையும் ஏமாற்றலாம். உங்கள் வாட்சுக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரு சின்னப் பெட்டியோடு நிற்கிறார், உங்கள் கணினிக்குப் பக்கத்தில் இன்னொருவர் இன்னொரு பெட்டியோடு நிற்கிறார். ஒரு பெட்டி கேட்பதை மற்றொன்று அப்படியே திருப்பிச் சொல்கிறது. எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை, கடத்தினால் போதும். இதை ரிலே தாக்குதல் என்பார்கள். 2022-இல் என்சிசி குரூப் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதே முறையில் டெஸ்லா மாடல் 3 காரைத் திறந்து காட்டினார்கள். அவர்களுடைய கருவி கூட்டிய தாமதம் 8 மில்லிவினாடி. புளூடூத்துக்கு அது சாதாரணத் தாமதம் போலத்தான் தெரியும், அதனால் கார் சந்தேகப்படவில்லை.

இதற்கு மாற்று, சிக்னல் போய்வர எடுக்கும் நேரத்தை அளப்பது. ரேடியோ அலை ஒரு நானோவினாடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் போகும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் வாட்சை எட்ட 10 நானோவினாடி, திரும்பி வர இன்னொரு 10. சிக்னலைப் பெருக்கி வலுவாகக் காட்டலாம், ஆனால் ஒளியை விட வேகமாக அனுப்ப யாராலும் முடியாது. 8 மில்லிவினாடியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒளி 2,400 கிலோமீட்டர் போய்விடும். நேரத்தை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் கணினிக்கு, அந்த வாட்ச் வேறு நாட்டில் இருப்பது போலத் தோன்றும்.

ஆப்பிள் வாட்ச் மேக்கைத் திறக்கும்போது நடப்பது இந்த இரண்டாவது வகை. 2016-இல் மேக்ஓஎஸ் சியராவோடு வந்தது. புளூடூத்தில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன, பிறகு இரண்டுக்கும் இடையில் நேரடி வைஃபை போட்டுத் தூரத்தை அளக்கின்றன, தூரம் சரியென்றால்தான் திறக்கும் ரகசியம் வாட்சிலிருந்து கணினிக்குப் போகிறது. அந்த ரகசியம் 32 பைட் நீளமுள்ள, ஒருமுறை மட்டும் பயன்படும் எண். ஒவ்வொரு முறை திறந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது உருவாகிறது. ஆகவே நேற்று ஒட்டுக்கேட்டதை இன்றைக்குப் போட்டுத் திறக்க முடியாது. கம்ப்யூட்டரை முழுக்க அணைத்துப் போட்டால் வாட்ச் எடுபடாது, பாஸ்வேர்டு போட்டே ஆகவேண்டும்.

இவ்வளவு கெட்டியாகச் செய்தும் என் லேப்டாப் கதை நடந்தது ஏன்? நேரத்தை அளப்பது தூரத்தில் இருக்கும் திருடனைத் தடுக்கும். பக்கத்தில் இருக்கும் சகபணியாளரைத் தடுக்காது. நான் நிஜமாகவே நாலடி தள்ளித்தான் நின்றேன். அளவு பொய் சொல்லவில்லை. நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன், நடுவில் சுவர் இருக்கிறதா, மூடியைத் திறந்த கை என்னுடையதா என்பதெல்லாம் மீட்டர் கணக்கில் வராது.

ஐஃபோனை வாட்சால் திறக்கும் வசதி இதைவிடக் கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. முகக்கவசம் போட்டிருப்பவர்களுக்காக 2021-இல் ஐஓஎஸ் 14.5-இல் வந்தது. மூக்கும் வாயும் மூடிய முகம் ஒன்று எதிரே இருக்கிறதா என்று போன் பார்க்கும், வாட்ச் 2 முதல் 3 மீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். அந்த முகம் உங்களுடையதா என்று பார்க்காது. எனவே பக்கத்து நாற்காலியில் கவசம் போட்டு உட்கார்ந்திருப்பவர் உங்கள் போனை எடுத்துக் காட்டினாலும் திறக்கும். இது தெரிந்துதான் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். வாட்சைக் கட்டித் திறந்த பிறகு போனை ஒருமுறையாவது வேறு வழியில் திறந்திருக்க வேண்டும். கடந்த ஆறரை மணி நேரத்துக்குள் போன் ஒருமுறை திறக்கப்பட்டிருக்க வேண்டும். வாட்ச் தூக்க நேர அமைப்பில் இருக்கக் கூடாது. அப்புறம், வாட்சோ போனோ சற்று முன் திறக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது கை அசைந்து ஆள் விழித்திருப்பது தெரிய வேண்டும். தூங்குகிறவர் பக்கத்தில் படுத்திருந்து போனை நோண்டுகிறவரை யாரோ மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. ரசித்துப் படித்தேன் என்றே சொல்வேன்.

இதோடு, வாட்சால் போன்தான் திறக்கும், பணம் செலுத்த அனுமதி கிடைக்காது. போன் திறந்ததும் மணிக்கட்டில் அதிர்வு வரும், கூடவே போனைப் பூட்டு என்று ஒரு பொத்தானும் வரும். அதைத் தட்டினால் போன் பூட்டிக்கொண்டு, அடுத்த முறை முகமும் வேண்டாம் வாட்சும் வேண்டாம், கோடு மட்டுமே போடு என்று நிற்கும். தவறு நடந்தபின் திருத்திக்கொள்ள ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறார்கள். இந்த நிபந்தனைகளை மேக்கிலும் எதிர்பார்த்துவிடாதீர்கள், இவை ஐஃபோனுக்கென்று வைத்தவை. ஆனால் 2022-இல் வந்த ஐஓஎஸ் 15.4 முதல் ஐஃபோன் 12-உம் அதற்குப் பிறகு வந்தவையும் கவசத்தோடு இருக்கும் முகத்தையே கண்களைச் சுற்றி வைத்து அடையாளம் கண்டுகொள்கின்றன. அப்படிப்பட்ட போன் உங்களிடம் இருந்தால் வாட்சை இதற்குள் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆண்ட்ராய்டு பக்கம் வந்தால் கதை வேறு. 2014-இல் ஆண்ட்ராய்டு 5-உடன் வந்த Smart Lock என்ற ஏற்பாட்டை இப்போது Extend Unlock என்கிறார்கள். இதில் 'நம்பகமான சாதனம்' என்று வாட்சைச் சேர்க்கலாம், காரின் ஆடியோவைச் சேர்க்கலாம், புளூடூத் உள்ள எதையும் சேர்க்கலாம். அங்கேயே தெரிகிறது, இது மணிக்கட்டைப் பார்ப்பதில்லை, இணைப்பை மட்டும் பார்க்கிறது என்று. முன்பெல்லாம் பூட்டிய போனையே இது திறந்துவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல் அதைக் குறைத்து, ஏற்கெனவே திறந்த போனைப் பூட்டாமல் வைத்திருக்க மட்டும் விட்டார்கள், அதுவும் அதிகபட்சம் 4 மணி நேரம்.

நான்கு மணி நேரம் என்றால் எவ்வளவு என்று ஒரு நாளில் வைத்துப் பார்ப்போம். காலை 10 மணிக்குப் போனைத் திறந்து ஒரு மெயில் படித்துவிட்டு மேசையில் வைக்கிறீர்கள். வாட்ச் கையில். பக்கத்து அறைக்குக் கூட்டத்துக்குப் போகிறீர்கள். புளூடூத் சுவரைத் தாண்டி இணைப்பில் இருந்தால் மதியம் 2 மணி வரை அந்தப் போன் யார் எடுத்தாலும் திறக்கும். இன்னொரு நாள், உடற்பயிற்சிக்குப் போகும்போது போனையும் கழற்றிய வாட்சையும் ஒரே பையில் போடுகிறீர்கள். பை போய்விடுகிறது. வாட்ச் கழற்றப்பட்டதால் பூட்டிக்கொண்டிருக்கலாம், ஆனால் புளூடூத் இணைப்பு அறுபடவில்லை. திருடியவர் கையில் பூட்டும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. இதனால்தான் இந்த ஏற்பாட்டில் வாட்சைச் சேர்க்க நான் யாருக்கும் சொல்வதில்லை. கூகுளின் பிக்சல் வாட்சில் இதற்கென்றே தனியாக ஒரு வசதி இருக்கிறது. அது வாட்ச் திறந்திருக்கிறதா, கையில் கட்டியிருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்கிறது. பிக்சல் போனும் பிக்சல் வாட்சும் வைத்திருப்பவர்கள் போட்டால் அதைப் போடுங்கள், Extend Unlock-ஐ அல்ல.

விண்டோஸில் வாட்சால் திறக்கும் ஏற்பாடு உள்ளுக்குள்ளேயே இல்லை. Dynamic lock என்ற ஒன்று உண்டு. அது இணைத்த போன் விலகிப் போனதும் கணினியைப் பூட்டும், திறக்காது. கொஞ்சம் நிதானமாகத்தான் பூட்டும், அரை நிமிடத்துக்கு மேல்கூட ஆகும். ஆனால் யோசித்துப் பார்த்தால், சிக்னலை வைத்து ஊகிக்கும் ஒரு கருவிக்குத் தகுந்த வேலை இதுதான். ஊகம் தப்பினால் கணினி வீணாகப் பூட்டிக்கொள்ளும், அவ்வளவே. மேக்கில் இதற்கு நேரெதிர் நிலைமை. வாட்ச் திறக்கும், நீங்கள் எழுந்து போனால் பூட்டாது. எழும்போதெல்லாம் Control+Command+Q அடிக்கும் பழக்கம் வேண்டும், இல்லையென்றால் திரை அணைந்ததும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்க வேண்டும்.

கைரேகையோடு ஒப்பிட்டால் வாட்ச் எங்கே ஜெயிக்கிறது? ஆப்பிளின் கணக்குப்படி வேறொருவர் விரல் தற்செயலாக டச் ஐடியில் பொருந்த 50,000-இல் ஒரு வாய்ப்பு, அதோடு விரல் வைத்தவரின் விருப்பமும் சேர்ந்தே பதிவாகிறது. எனவே கைரேகைப் பட்டன் கைக்கு எட்டும் லேப்டாப்பில் வாட்ச் கூட்டித் தருவது அரை வினாடிச் சௌகரியம்தான். ஆனால் மேசைக் கணினி, அல்லது மூடிய லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்து வேலை செய்வது என்றால், கீபோர்டிலேயே கைரேகைப் பட்டன் இல்லாத வரை அது கைக்கு எட்டாது. அப்போது மாற்று பாஸ்வேர்டு அடிப்பதுதான். நாளுக்கு இருபது முறை அடிக்க வேண்டிய பாஸ்வேர்டு சின்னதாகிக்கொண்டே வரும், பக்கத்தில் நிற்பவர் விரல் போகும் வழியைப் பார்த்துவிடுவார். வாட்ச் இருந்தால் இருபது எழுத்தில் வைத்துக்கொண்டு, மறுதொடக்கத்தின்போது மட்டும் அடிக்கலாம். இது சின்ன லாபம் இல்லை.

மேக்கில் இன்னொன்றும் உண்டு. ஏதாவது அனுமதிக்காகப் பாஸ்வேர்டு கேட்கும்போது வாட்சின் பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தி அனுமதி கொடுக்கலாம். 2019-இல் வந்த வசதி. இதில் நீங்கள் கையால் ஒன்றைச் செய்கிறீர்கள், ஆகவே விருப்பம் இருக்கிறது. எனக்கு இது மட்டும் வேண்டும், மூடி திறந்ததும் திறப்பது வேண்டாம். ஆனால் அமைப்பில் இரண்டுக்கும் ஒரே சுவிட்சுதான், பிரித்துப் போட முடியாது. இதுதான் எனக்கு உள்ள ஒரே பெரிய குறை.

இப்படிப் பார்த்து நான் செய்தது இது. வெளியே எடுத்துப் போகும் லேப்டாப்பில் வாட்சை ஆஃப் செய்துவிட்டேன், அதில் கைரேகை இருக்கிறது. வீட்டில் இருக்கும் மேசைக் கணினியில் ஆனிலேயே விட்டிருக்கிறேன், அங்கே என் பாஸ்வேர்டைக் கண்ணால் திருட ஆள் இல்லாவிட்டாலும் நீளமாக வைக்க முடிகிறது. ஆனால் ஆன் செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்தேன், நீங்களும் செய்யுங்கள். கணினியைப் பூட்டிவிட்டு நான் வாட்சோடு தள்ளிப் போக, வீட்டில் ஒருவரை ஒரு பொத்தானைத் தட்டச் சொன்னேன். ஓரடி, மூன்றடி, ஆறடி என்று. எதிர்பார்த்தபடி ஆறடியில் திறந்தது, அறை வாசலைத் தாண்டியதும் நின்றது. பிறகு சுவரின் மறுபக்கம், மேசை இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். மணிக்கட்டில் தட்டு விழுந்தது. அன்று மாலையே மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டோம்.